காலை 4.30க்கு எழ உடலை 14 நாட்களில் பழக்குவது: பினாங்கு வெயிலைக் கணக்கில் கொண்ட ஒரு வழிகாட்டி

என் அக்கா மகள் தர்ஷினிக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தது. வேலை நேரம் காலை 7 முதல் மதியம் 3 வரை. கம்பெனி பஸ் புக்கிட் மெர்தாஜாமில் அவள் வீட்டுச் சந்திப்புக்கு 5.25க்கு வந்துவிடும். குளித்து, உடுத்தி, ஏதாவது வாயில் போட்டுக்கொண்டு கிளம்ப 4.30க்கு எழுந்தாக வேண்டும். அதுவரை அவள் ஒரு கிளினிக்கில் 9 மணிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். இரவு 12 மணிக்குப் படுத்து, காலை 7.30க்கு எழுவாள். வேலைக்குச் சேர இரண்டு வாரம் இருந்தபோது என்னிடம் கேட்டாள். "சின்னம்மா, நீங்கள் எப்படிப் பழகினீர்கள்?"

நான் சரியாகப் பழகவில்லை என்பதுதான் உண்மை. இருபது ஆண்டுகளுக்கு முன் இதே மாதிரி ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தபோது, முதல் நாளுக்கு முந்தைய இரவு 9 மணிக்கே விளக்கை அணைத்துப் படுத்தேன். காற்றாடி சுற்றுவதை எண்ணிக்கொண்டே 12.30 வரை கிடந்தேன். 4 மணிக்கு அலாரம் அடித்தது. மூன்றரை மணி நேரத் தூக்கம். அடுத்த இரவும் அப்படியே. நான்காம் நாள் பஸ்ஸில் அயர்ந்து தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். பின்னாளில் லைன் லீடராக இருந்தபோது, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் முதல் மாதத்திலேயே நின்றுவிடுவதைப் பார்த்தேன். பல பேருக்கு வேலை கடினம் என்பது காரணமில்லை. அவர்களுடைய உடல் இன்னும் பழைய நேரத்திலேயே இருந்தது. அதனால்தான் தர்ஷினிக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கணக்கும், அவள் அதை நடத்திய விதமும்தான் இங்கே இருக்கின்றன.

சீக்கிரம் படுத்தால் ஏன் தூக்கம் வருவதில்லை

உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமாக ஓடும். அதனால் தினமும் கொஞ்சம் தாமதமாகப் படுப்பது தானாக நடக்கும். முன்கூட்டிப் படுப்பதற்குத்தான் நாம் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அதோடு, வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம்தான் உடல் மிக விழிப்பாக இருக்கும் பொழுதுகளில் ஒன்று. 12 மணிக்குத் தூங்குபவர் 9 மணிக்குப் படுத்தால், சரியாக அந்த விழிப்பின் உச்சியில் போய்ப் படுக்கிறார். மன உறுதியால் அதை வெல்ல முடியாது.

எனவே முதல் விதி இது: படுக்கும் நேரத்தைப் பிடித்து இழுக்காதீர்கள்; எழும் நேரத்தை நகர்த்துங்கள். எழுவது நம் கையில் இருக்கிறது, தூங்குவது நம் கையில் இல்லை. 15 நிமிடம் முன்னதாக எழுந்து, எழுந்ததும் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டால், அன்று இரவு தூக்கமும் ஏறக்குறைய அந்த அளவுக்கு முன்னே வரும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். உறங்கும்போது உடல் வெப்பம் இறங்கிக்கொண்டே போய், நாம் வழக்கமாக எழுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு மிகக் கீழே வரும். அதை உடலின் நடுநிசி என்று வைத்துக்கொள்வோம். 7.30க்கு எழுபவருக்கு அது அதிகாலை 5 மணியை ஒட்டி வரும். இந்த நடுநிசிக்குப் பின் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே நகர்த்தும். அதற்கு முன் படும் வெளிச்சமோ பின்னே தள்ளும். முதல் நாளே 4 மணிக்கு எழுந்து வீட்டு விளக்குகளையெல்லாம் போடுகிறவர், தன்னை அறியாமல் கடிகாரத்தைத் தவறான பக்கம் திருப்புகிறார். நான் அந்தக் காலத்தில் செய்தது அதுதான். தினம் 15 நிமிடமாக நகர்ந்தால் உடலின் நடுநிசியும் கூடவே நகரும். எழும்போது படும் வெளிச்சம் எப்போதும் சரியான பக்கத்திலேயே இருக்கும்.

நம் ஊர் சூரியன் தரும் சிக்கல்

தூக்கத்தைப் பற்றி எங்கே படித்தாலும் "எழுந்ததும் வெயிலில் நில்லுங்கள்" என்று எழுதியிருப்பார்கள். பினாங்கில் 4.30க்கு எழுந்து எந்த வெயிலில் நிற்பது?

தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1 அன்று அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. அதனால் இங்கே கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேலாக முந்தி ஓடுகிறது. பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, மதியம் ஒன்றேகாலை ஒட்டித்தான். ஆண்டு முழுவதும் சூரியன் உதிப்பது ஏறக்குறைய காலை 7 மணிக்கும் 7.35க்கும் இடையில். மறைவதும் மாலை 7 மணிக்கும் 7.35க்கும் இடையில். கோலாலம்பூரில் இரண்டுமே சில நிமிடம் முந்தும், அவ்வளவுதான்.

இதன் பொருள் என்ன? 4.30க்கு எழுபவருக்கு உண்மையான சூரிய வெளிச்சம் கிடைக்க இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது. 9 மணிக்குப் படுப்பவருக்கோ, படுக்க ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதும் மேற்கு ஜன்னலில் வெளிச்சம் இருக்கிறது. காலையில் வேண்டும் வெளிச்சம் இல்லை. மாலையில் வேண்டாத வெளிச்சம் இருக்கிறது. இந்த இரண்டையும் நாமே சரிசெய்ய வேண்டும் என்பதால்தான், வெளிநாட்டு ஆலோசனையை அப்படியே எடுத்து இங்கே நடத்தினால் பாதியில் நின்றுவிடுகிறது.

14 நாள் கணக்கு

7.30லிருந்து 4.30க்கு வர மூன்று மணி நேரம், அதாவது 180 நிமிடம். தினம் 15 நிமிடம் என்றால் 12 நாள். மீதி இரண்டு நாள் கையிருப்பு. அந்த இரண்டையும் சேமிப்பாக நினையுங்கள். வாழ்க்கை எப்படியும் அதைக் கேட்கும்.

| நாள் | எழும் நேரம் | அன்றிரவு விளக்கை அணைக்கும் நேரம் |
|---|---|---|
| 1 | 7.15 | 11.30 |
| 2 | 7.00 | 11.15 |
| 3 | 6.45 | 11.00 |
| 4 | 6.30 | 10.45 |
| 5 | 6.15 | 10.30 |
| 6 | 6.00 | 10.30 |
| 7 | 6.00 (கையிருப்பு) | 10.15 |
| 8 | 5.45 | 10.00 |
| 9 | 5.30 | 9.45 |
| 10 | 5.15 | 9.30 |
| 11 | 5.00 | 9.15 |
| 12 | 4.45 | 9.00 |
| 13 | 4.30 | 9.00 |
| 14 | 4.30 (கையிருப்பு) | 9.00 |

இரவு நேரம் எப்போதும் மறுநாள் எழும் நேரத்துக்கு ஏழரை மணி நேரம் முன்பாக இருக்கிறது. உங்களுக்கு எட்டு மணி நேரத் தூக்கம் தேவையென்றால் அந்தப் பத்தியை மட்டும் அரை மணி நேரம் முன்னே தள்ளிக்கொள்ளுங்கள். ஏழு மணி நேரத்துக்குக் கீழே குறைக்க வேண்டாம்.

நகர்த்த வேண்டியது மூன்று மணி நேரத்துக்கு மேல் என்றால், உதாரணமாக 2 மணிக்குப் படுத்து 9.30க்கு எழுபவர் என்றால், இரண்டு வாரம் போதாது. ஒரு வாரம் முன்னதாகத் தொடங்குவது நல்லது. தினம் அரை மணி நேரம் நகர்த்திப் பார்க்கலாமே என்று தர்ஷினி கேட்டாள். சில உடல்கள் தாங்கும். ஆனால் ஒரு நாள் சறுக்கினால் மறுநாள் சேர்த்து ஒரு மணி நேரம் எட்டிப் பிடிக்க வேண்டியதாகிவிடும், அங்கேதான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். 15 நிமிடம் என்பது உடலுக்குப் பெரிதாகத் தெரியாத அளவு.

முதல் வாரம்: சூரியன் இன்னும் எட்டும் தொலைவில்

முதல் இரண்டு நாள் எளிது. எழும்போதே வெளியே வெளுத்துக்கொண்டிருக்கும். முகம் கழுவிவிட்டுத் தாமானுக்குள் 20 அல்லது 30 நிமிடம் நடந்தால் போதும். மேகமூட்டமாக இருந்தாலும் போங்கள். வீட்டுக் கூடத்தில் விளக்கு போட்டால் கிடைப்பது சில நூறு லக்ஸ் வெளிச்சம்தான். மழைமேகம் கவிந்த காலையில்கூட வெளியே அதைப்போல் பல மடங்கு இருக்கும். கறுப்புக் கண்ணாடி வேண்டாம். சூரியனை நேராகப் பார்க்கவும் வேண்டாம். திறந்த வானத்தின் கீழே இருந்தாலே போதும்.

மூன்றாம் நாளிலிருந்து இருட்டில் எழுவீர்கள். எழுந்த உடனே வீட்டிலேயே மிக வெளிச்சமான இடத்துக்குப் போய்விட வேண்டும். பல வீடுகளில் அது சமையலறை, வெள்ளைக் குழல் விளக்கு அங்கேதான் இருக்கும். தர்ஷினி கைத்தொலைபேசியைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டுப் படுப்பாள். அலாரத்தை நிறுத்த அங்கே வந்தாக வேண்டும், வந்ததும் விளக்கைப் போடுவாள், கோப்பிக்குத் தண்ணீர் வைப்பாள். இந்த மூன்றும் ஒரே இடத்தில் இருந்ததால் திரும்பிப் போய்ப் படுக்கத் தோன்றவில்லை என்றாள். பிறகு சூரியன் வந்ததும் வெளியே 20 நிமிட நடை. கிளினிக் வேலை 9 மணிக்குத்தான் என்பதால் அதற்கு நேரம் இருந்தது.

சாப்பாட்டையும் கூடவே நகர்த்துங்கள். எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் காலை உணவு. இரவு உணவு, படுக்கையிலிருந்து இரண்டரை மூன்று மணி நேரம் முன்னதாக. அக்கா வீட்டில் இரவுச் சாப்பாடு 9 மணிக்குத்தான். முதல் வாரம் 8 மணி, இரண்டாம் வாரம் 6.30 என்று வீட்டிலேயே பேசி வைத்துக்கொண்டார்கள். அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவதே அந்த ஒரு வேளைதான்" என்றாள். கடைசியில் மாவை மட்டும் எடுத்து வைத்து, தர்ஷினி தனக்கு இரண்டு தோசை ஊற்றிக்கொண்டாள். இதை முன்கூட்டியே பேசாவிட்டால் இரண்டாம் வாரம் வீட்டில் சண்டையாகிவிடும்.

ஆறாம் நாள் சனிக்கிழமை. மாமா மகன் கல்யாண விருந்து, பட்டர்வொர்த்தில் ஒரு மண்டபம். வீடு திரும்பிப் படுக்க 12.45 ஆகிவிட்டது. இங்கேதான் பலரும் தவறு செய்வார்கள்: மறுநாள் 9 மணி வரை தூங்கி, "திங்களிலிருந்து மறுபடியும் தொடங்குவோம்" என்பார்கள். அப்படிச் செய்தால் ஐந்தாறு நாள் உழைப்பு ஒரே காலையில் கரைந்துவிடும். தர்ஷினி ஞாயிறு 6 மணிக்கே எழுந்தாள். ஐந்தேகால் மணி நேரத் தூக்கம்தான். மதியம் 1 மணிக்கு 25 நிமிடம், அலாரம் வைத்து ஒரு குட்டித் தூக்கம். அன்றிரவு 10.15க்குத் தலையணையில் தலை வைத்ததுதான் தெரியும் என்றாள். அந்தக் களைப்பே அவளுக்கு உதவியது. ஏழாம் நாள் கையிருப்பு இப்படிச் செலவானது.

இரண்டாம் வாரம்: காலையை உண்டாக்குவது, மாலையை மூடுவது

எட்டாம் நாளிலிருந்து சுராவ் ஒலிபெருக்கியில் சுபுஹ் பாங்கு கேட்பதற்கு முன்பே எழத் தொடங்குவீர்கள். வெளியே முழு இருட்டு. வெளிச்சத்தை இப்போது வீட்டுக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

இதற்கென்றே 10,000 லக்ஸ் என்று குறிப்பிட்ட ஒளி விளக்குகள் விற்கிறார்கள். அந்த அளவு, அவர்கள் சொல்லும் தூரத்தில் உட்கார்ந்தால்தான் கிடைக்கும். அறையின் மூலையில் வைத்தால் பயனில்லை. பெரும்பாலும் ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும். முகத்துக்குச் சற்றுப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, 20 முதல் 30 நிமிடம் கோப்பி குடிக்கலாம், தலை வாரலாம். வாங்க வசதியில்லை என்றால், சாப்பாட்டு மேசையில் இரண்டு மேசை விளக்குகளில் பிரகாசமான வெள்ளை எல்இடி பல்புகளைப் போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பலன் குறைவுதான், ஆனால் மங்கலான கூடத்தில் உட்கார்ந்திருப்பதைவிட மேல். தர்ஷினி செய்தது இதைத்தான். விழித்திரை நோய் உள்ளவர்கள் கண் மருத்துவரைக் கேட்காமல் ஒளி விளக்கு பயன்படுத்தக் கூடாது.

சூரியன் வந்ததும் வெளியே போவதை இப்போதும் விட வேண்டாம். அதன் தள்ளுவிசை சற்றுக் குறைந்திருக்கும், ஏனென்றால் உடலின் நடுநிசியிலிருந்து தூரம் கூடிவிட்டது. இருந்தாலும் அது சரியான பக்கமே தள்ளுகிறது.

மாலை வேலை இதைவிடக் கடினம். படுக்க இரண்டு மணி நேரம் முன்பிலிருந்து கண்ணுக்கு இருட்டு வேண்டும். அந்தப் பொழுதில்தான் மெலட்டோனின் சுரக்கத் தொடங்குகிறது, வெளிச்சம் அதைத் தடுத்துவிடும். 9 மணிப் படுக்கைக்கு 7 மணியே தொடக்கம். அப்போது வெளியே இன்னும் பகல். அதனால் மாலை நடையை 6 மணிக்குள் முடித்துவிடுங்கள். 7 மணிக்கு மேற்குப் பக்கத் திரைச்சீலைகளை இழுத்து மூடுங்கள். தலைக்கு மேல் எரியும் விளக்குகளை அணைத்துவிட்டு, தாழ்வாக ஒரு மஞ்சள் விளக்கு போதும். குளியலறை விளக்கை மறந்துவிடாதீர்கள். பல் துலக்கப் போகும்போது கண்ணாடிக்கு மேலே எரியும் வெள்ளை விளக்கு முகத்திலேயே அடிக்கும். கூடத்தில் தொலைக்காட்சி ஓடினால் அறைக்குள் வந்துவிடுங்கள். கைத்தொலைபேசி சமையலறைக்கு.

படுக்கை அறை வெப்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 12 மணிக்கு இருக்கும் அறையல்ல 9 மணிக்கு இருப்பது. மேற்குச் சுவர் அப்போதும் சுட்டுக்கொண்டிருக்கும். தூக்கம் பிடிக்க உடல் வெப்பம் இறங்க வேண்டும். வெயில் இறங்கியதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்றாடியை ஓடவிடுங்கள். படுக்க ஒன்றரை மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளித்தால், தோலுக்கு இரத்தம் ஓடி, உள்வெப்பம் வெளியேறி, தூக்கம் எளிதில் வரும். தெருவில் பிள்ளைகள் விளையாடும் சத்தமும் மோட்டார் சைக்கிள் சத்தமும் 9 மணிக்கு அடங்கியிருக்காது. மருந்துக் கடையில் கிடைக்கும் காது அடைப்பான் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைப் போட்டபடி உங்கள் அலாரம் கேட்கிறதா என்று விடுமுறை நாளில் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

தேநீரும் மாலைத் தூக்கமும்

திட்டத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

கோப்பியிலும் தேநீரிலும் உள்ள காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்கு மாமாக் கடையில் ஒரு தே தாரிக் குடித்தால், இரவு 10 மணிக்கு அதில் பாதி உள்ளே இருக்கும். 12 மணிக்குப் படுத்த காலத்தில் அது பொருட்டாகத் தெரிந்திருக்காது. முதல் வாரத்தில் கடைசிக் குவளையைப் பிற்பகல் 2 மணிக்கும், இரண்டாம் வாரத்தில் 12 மணிக்கும் கொண்டுவந்துவிடுங்கள். நண்பர்களோடு உட்கார வேண்டியிருந்தால் எலுமிச்சைச் சாறு சொல்லுங்கள். வெறும் தேநீர் என்றாலும் தேநீர்தான். தூக்கம் வருவதற்காக மது குடிப்பதும் வேண்டாம். முதலில் அமர்த்தும், பின்னிரவில் எழுப்பிவிடும்.

மாலைத் தூக்கத்தில்தான் தர்ஷினியும் சறுக்கினாள். பதினோராம் நாள், வியாழக்கிழமை. 5 மணிக்கு எழுந்தவள், கிளினிக்கில் நாள் முழுவதும் நின்றுவிட்டு வந்து, 6.15க்கு சோபாவில் சாய்ந்தாள். அக்கா பாவம் பார்த்து எழுப்பவில்லை. எழுந்தபோது 7.40. அன்றிரவு 9.15க்குப் படுத்து, 11.30 வரை தூக்கம் வரவில்லை. எனக்கு அழைத்து, "எல்லாம் போய்விட்டது, சின்னம்மா" என்றாள்.

எதுவும் போகவில்லை. நாள் முழுவதும் சேர்ந்த தூக்கத் தேவையை அந்த ஒன்றரை மணி நேரத்தில் செலவழித்துவிட்டாள், அவ்வளவுதான். கடிகாரம் இருந்த இடத்தில்தான் இருந்தது. பன்னிரண்டாம் நாள் நகர்த்தாமல் அதே 5 மணிக்கு எழச் சொன்னேன். மாலை வந்ததும் உட்காராமல் துணி மடிக்கச் சொன்னேன், அக்காவோடு சமையலறையில் நிற்கச் சொன்னேன். அன்று 9.15க்குத் தூங்கிவிட்டாள். இரண்டாவது கையிருப்பு இப்படிப் போனது. பதின்மூன்றாம் நாள் 4.45, பதினான்காம் நாள் 4.30 என்று சரியாக வந்து சேர்ந்தாள்.

பகலில் தாங்கவே முடியவில்லை என்றால் 20 நிமிடத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் தூங்கலாம், பிற்பகல் 2 மணிக்கு முன். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்தில் இறங்கி, எழும்போது தலை பாரமாக இருக்கும்.

சரியாகப் போகிறதா என்று எப்படித் தெரியும்

ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில் தினம் மூன்றே விவரம் எழுதுங்கள்: விளக்கு அணைத்த நேரம், எழுந்த நேரம், தூக்கம் பிடிக்க ஏறக்குறைய எவ்வளவு நேரம் ஆனது. இரவில் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கெடுக்க வேண்டாம். காலையில் தோராயமாக எழுதினால் போதும்.

அலாரத்துக்குச் சில நிமிடம் முன்பே விழிப்பு வருவதும், படுக்கும் நேரத்துக்கு அரை மணி நேரம் முன்பே கொட்டாவி வருவதும் நல்ல அறிகுறிகள். தர்ஷினிக்கு ஒன்பதாம் நாள் முதன்முறையாக அலாரத்துக்கு முன் கண் திறந்தது. தூக்கம் பிடிக்க 20 நிமிடம் வரை ஆவது இயல்பு. அதற்கு மேல் புரண்டுகொண்டிருந்தால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, கண் சொருகும்போது மறுபடி படுங்கள். மறுநாள் எழும் நேரம் மட்டும் மாறக் கூடாது.

தொடர்ந்து இரண்டு இரவு ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியிருந்தால், முன்னே நகராமல் அதே நேரத்தில் நில்லுங்கள். இரண்டு இரவு நன்றாகத் தூங்கியபின் தொடருங்கள். கையிருப்பு தீர்ந்துவிட்டால், 4.45 அல்லது 5 மணி உடலோடு வேலையில் சேர்ந்தாலும் பரவாயில்லை. மீதியை முதல் வாரத்தில் நகர்த்திவிடலாம். ஆனால் அந்த நாட்களில் மோட்டார் சைக்கிளோ காரோ ஓட்ட வேண்டாம். அதிகாலை இருட்டு, பாலத்து நெடுஞ்சாலை, ஆறு மணி நேரம்கூடத் தூங்காத கண்கள்: ஒரே நொடி கண் மூடினால் போதும். ஜன்னலைத் திறப்பதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் தூக்கத்தை நிறுத்தாது. கம்பெனி பஸ்ஸில் போங்கள், இல்லையென்றால் யாரையாவது கொண்டுவந்து விடச் சொல்லுங்கள்.

யாருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது

வாரத்துக்கு வாரம் பகல், இரவு என்று மாறும் வேலைக்கு இது உதவாது. உடல் வந்து சேர்வதற்குள் நேரம் மாறிவிடும். நியமனக் கடிதத்தில் கையெழுத்திடும் முன்பே காலை நேரம் நிலையானதா என்று கேட்டுவிடுங்கள்.

இன்சுலின் போடுபவர்களும் நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களும் முதல் நாளுக்கு முன்பே மருத்துவரிடம் போக வேண்டும். சாப்பாடு மூன்று மணி நேரம் நகரும்போது மருந்து நேரமும் நகர வேண்டும், அதை நாமாக முடிவு செய்யக் கூடாது. இருமுனை மனநிலைக் கோளாறுக்குச் சிகிச்சை பெறுபவர்களுக்குத் தூக்கக் குறைவும் பளிச்சென்ற விளக்கும் நோயைத் தூண்டக்கூடும்; அவர்களும் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். ஏழெட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் சொக்கி விழுபவர்கள், பலமாகக் குறட்டை விட்டு இடையில் மூச்சு நிற்பதாக வீட்டார் சொல்பவர்கள், இவர்களுக்குப் பிரச்சினை நேரத்தில் இல்லை; தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பரிசோதிக்க வேண்டும். மெலட்டோனின் மாத்திரையை யாரோ சொன்னார்கள் என்று இணையத்தில் வாங்கி விழுங்காதீர்கள்.

வேலை தொடங்கிய பிறகு

பதினான்காம் நாள் முழு ஒத்திகை பாருங்கள். 4.30க்கு எழுந்து, குளித்து, பையை எடுத்துக்கொண்டு, 5.20க்குச் சந்திப்பில் போய் நில்லுங்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை; அக்கா கணவர் துணைக்கு வந்தார். தெருவிளக்கு ஒன்று எரியவில்லை என்பதும், நாய்கள் கூட்டமாகப் படுத்திருக்கும் மூலை எது என்பதும் அன்றுதான் தெரிந்தது. குளிக்க நினைத்ததைவிடப் பத்து நிமிடம் கூடுதலாக ஆனதும் அன்றுதான் தெரிந்தது. அதற்காக, உடைகளை முந்தைய இரவே எடுத்துவைக்கத் தொடங்கினாள்.

வேலை தொடங்கியதும் புதிதாக ஒரு சிக்கல் வரும். பஸ் பாலத்தைக் கடக்கும்போது இன்னும் இருட்டு. 7 மணிக்குள் தொழிற்சாலைக்குள் போய்விட்டால் சூரிய உதயமே கண்ணில் படாது. எனவே 4.30 மணி விளக்கை நிறுத்திவிடாதீர்கள், காலை இடைவேளையில் பத்து நிமிடமாவது கட்டடத்துக்கு வெளியே நில்லுங்கள். 4.15க்கு வீடு வந்ததும் கட்டில் கூப்பிடும். படுப்பதானால் 20 நிமிடம், அலாரத்தோடு, வந்தவுடனேயே. 5 மணிக்கு மேல் கூடவே கூடாது.

விடுமுறை நாளில் 5.30 வரை தூங்கலாம். அதற்கு மேல் போனால் திங்கட்கிழமை காலை மறுபடியும் முதல் வாரத்துக் காலையாகிவிடும். சனிக்கிழமை இரவு விருந்தென்றால், தாமதமாகப் படுத்தாலும் 5.30க்கே எழுந்து, மதியம் அரை மணி நேரம் கண்ணயர்ந்துகொள்ளுங்கள். இங்கிலாந்துக் கால்பந்தாட்டம் பார்ப்பவர்கள், நள்ளிரவுக்கு மேல் நடப்பதை மறுநாள் பதிவில் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

தர்ஷினி வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வாரம் அவள் நோட்டைப் புரட்டினேன். மூன்றாவது பத்தியில் தொடர்ந்து ஒன்பது நாள் "10 நிமிடம்" என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு அவள் எழுதவில்லை.